வெயில் நாட்களில் வேலை: எல்லோருக்குமான அறிவித்தல்

திகதி: 2025 ஏப்ரல் 2
அனுப்புவது: தளத் தாதி, முதலுதவி அறை, மாங்குளம் வேலைத்தளம்
பெறுவோர்: சுப்பர்வைசர்மார், மேசன்மார், கம்பி வேலைக்காரர், கூலி வேலை செய்யும் எல்லோரும்

போன கிழமை சிலாப்பில் கம்பி கட்டிக்கொண்டிருந்த தம்பி ஒருவர் ஒரே முடிச்சை அவிழ்ப்பதும் கட்டுவதுமாக இருந்தார். கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னார். பக்கத்தில் நின்றவர்கள் "ராத்திரி அடிச்ச வெறி இன்னும் இறங்கேல்லை" என்று சிரித்தார்கள். என்னிடம் கொண்டுவந்தபோது உடம்புச் சூடு 40 பாகைக்கு மேல். சேர்ட் வியர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது. இப்போது தேறிவிட்டார். இன்னும் அரை மணித்தியாலம் சிரித்துக்கொண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எழுத எனக்கு விருப்பமில்லை.

எனவே முதல் விஷயம் இதுதான். வெயிலில் நிற்பவர் தடுமாறினாலோ, நாக்குக் குழறினாலோ, காரணமில்லாமல் எரிந்து விழுந்தாலோ, அது வெப்ப அதிர்ச்சி என்றே எடுத்துக்கொள்ளுங்கள். "வியர்க்குதுதானே, பயமில்லை" என்று சொல்ல வேண்டாம். வேலை செய்துகொண்டே விழுபவருக்கு வியர்வை நிற்காமலும் இருக்கலாம்.

அப்போது செய்யவேண்டியது: நிழலுக்குத் தூக்குங்கள், சப்பாத்தையும் மேலுடுப்பையும் கழற்றுங்கள், உடம்பு முழுக்க வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். கழுத்து, கமக்கட்டு, தொடை இடுக்கில் ஐஸ் வையுங்கள். ஒருவர் 1990க்கு எடுத்து அம்புலன்சைக் கூப்பிடட்டும், மற்றவர்கள் ஊற்றுவதை நிறுத்தக்கூடாது. ஏ9 வீதியில் அம்புலன்ஸ் வரும்வரை சும்மா பார்த்துக்கொண்டிருக்க நேரமில்லை. மயக்கத்தில் இருப்பவருக்கு வாயில் எதையும் ஊற்றவேண்டாம். பரசிற்றமோல் இந்தச் சூட்டை இறக்காது.

வெறும் தலைச்சுற்று, சத்தி, கால் குறண்டுதல் என்றால் நிழலில் படுக்கவைத்து ஜீவனி கொடுத்து என்னிடம் அனுப்புங்கள். ஒரு பக்கெற்றுக்கு ஒரு லீற்றர் தண்ணீர். அரைப் போத்தலில் கரைத்துக் குடித்தால் பலன் கூடும் என்று சிலர் நினைக்கிறார்கள். அது தவறு.

இனித் தண்ணீர். தாகம் வந்தபிறகு குடிப்பது பிந்திய கணக்கு. 15 – 20 நிமிடத்துக்கு ஒரு தரம் ஒரு கிளாஸ் குடியுங்கள். ஆனால் மணித்தியாலத்துக்கு ஒன்றரை லீற்றருக்கு மேல் வேண்டாம், அதுவும் ஆபத்து. சலம் தேத்தண்ணி நிறத்தில் போனால் நீங்கள் ஏற்கெனவே காய்ந்துவிட்டீர்கள். மோரும் தேசிக்காய்த் தண்ணியும் நல்லவை, உப்புச் சேருங்கள். காலையில் பழஞ்சோறு சாப்பிட்டு வருபவர்களை நான் தடுக்கமாட்டேன். வெறும் பிளேன்ரீயோடு வருபவர்களைத்தான் பிடித்து ஏசுவேன்.

அக்காமார் சிலர் மத்தியானம் வரை தண்ணீரைத் தொடுவதில்லை. காரணம் எனக்குத் தெரியும், மலசலகூடம் தூரம். களஞ்சியத்துக்குப் பக்கத்தில் பெண்களுக்கென்று ஒன்றைத் திங்கட்கிழமைக்குள் வைக்கும்படி முகாமையாளரிடம் எழுதிக் கேட்டிருக்கிறேன், சம்மதித்துவிட்டார். வைக்காவிட்டால் என்னிடம் சொல்லுங்கள்.

இடுப்பு நோவுக்குக் கடையில் வாங்கும் டைக்ளோபெனாக் குளிசை பற்றி ஒரு வார்த்தை. உடம்பில் தண்ணீர் இல்லாத நேரம் அது சிறுநீரகத்தைக் கெடுக்கும். வவுனியாப் பக்கம் சிறுநீரக வருத்தத்தோடு கிளினிக்குக்குப் போகும் கமக்காரர்களை நம்மில் பலருக்குத் தெரியும். பிரஷருக்கோ நீரிழிவுக்கோ குளிசை எடுப்பவர்கள் நிறுத்தவேண்டாம், ஆனால் என்னிடம் வந்து சொல்லுங்கள்.

நேரம்: ஏப்ரலில் சூரியன் நேர் உச்சிக்கு வரும். நாளை முதல் வேலை காலை 6 மணிக்குத் தொடங்கும். 11.30 முதல் 3 வரை வெளி வேலை இல்லை, கூலி குறையாது. இதில் முகாமையாளர் கையெழுத்து வைத்திருக்கிறார். கொன்கிறீட் தொடங்கினால் இடையில் விடமுடியாது என்பது தெரியும். அந்த நாட்களில் விடியப்புறமே தொடங்கி, ஆட்களை அரை மணிக்கு ஒரு தரம் மாற்றுங்கள். ஓய்வுக்குத் தறப்பாள் கட்டினால் கீழே அடுப்பு மாதிரி இருக்கும். கிடுகுக் கொட்டில் போடுங்கள், அல்லது பாலை மர நிழல் போதும். அங்கே ஹெல்மெட்டைக் கழற்றுங்கள்.

சுப்பர்வைசர்மாருக்கு: புதிதாக வருபவருக்கு முதல் நாள் வெயில் வேலை ஐந்தில் ஒரு பங்குதான், பிறகு நாளுக்கு ஒரு பங்கு கூட்டுங்கள். புத்தாண்டு லீவு முடிந்து வரும் பழைய ஆட்களும் உடனே முழு வேலைக்கு இறங்கக்கூடாது. முதல் நாள் பாதி, நான்காம் நாள் முழுசு. தனியாக ஒருவரை எங்கும் விடாதீர்கள், இருவர் இருவராகப் போடுங்கள்.

ஐஸ் பெட்டி என் அறை வாசலில் இருக்கிறது. அதில் சோடாப் போத்தல் வைப்பவர்களுக்கு: நேற்றும் மூன்று எடுத்தேன்.