குளத்துப் புறம்போக்கு வழக்கு: தீர்ப்பின் தமிழ்ச் சுருக்கம்

தலைவர் அம்மாவுக்கு வணக்கம். 38 பக்கத் தீர்ப்பை இரண்டு முறை படித்துவிட்டு எழுதுகிறேன்.

குளத்துப் புறம்போக்கில் உள்ள ஆக்கிரமிப்பை அகற்றக் கோரி நம் ஊர்க்காரர் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் போட்ட ரிட் மனு 'முடித்துவைக்கப்பட்டது'. அனுமதிக்கப்படவும் இல்லை, தள்ளுபடி ஆகவும் இல்லை. 'ஜெயிச்சாச்சு' என்று ஊரில் பேசுவது சரியில்லை. அது ஆக்கிரமிப்பா இல்லையா என்பது பற்றி நீதிமன்றம் கருத்தே சொல்லவில்லை.

முதல் எதிர்மனுதாரரான வட்டாட்சியர் நிலத்தை அளக்க வேண்டும். அப்புறம் 1905ஆம் ஆண்டு தமிழ்நாடு நில ஆக்கிரமிப்புச் சட்டம் 7ஆம் பிரிவின்படி அறிவிப்பு கொடுத்து, அங்கு குடியிருப்பவர்களின் விளக்கத்தைக் கேட்டு உத்தரவிட வேண்டும். ஆக்கிரமிப்பு என்று முடிவானால்தான் 6ஆம் பிரிவின்படி வெளியேற்றம். உத்தரவு நகல் கிடைத்த நாளிலிருந்து 12 வாரம் கெடு.

அதுவரை 'தற்போதைய நிலை' தொடர வேண்டும். அதாவது, யாரும் இடிக்கவும் கூடாது, புதிதாகக் கட்டவும் கூடாது. ஜேசிபி அனுப்பும் யோசனையைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள் அம்மா, நீதிமன்ற அவமதிப்பு ஆகிவிடும்.

இரண்டாம் எதிர்மனுதாரரான ஊராட்சிக்கு ஒரே வேலை: பதிவேடுகளை வட்டாட்சியரிடம் காட்டி, அளவைக்கு ஒத்துழைப்பது.

கிராம சபையில் வாசிக்க 31ஆம் பத்தி போதும். அசலில் பென்சிலால் கோடிட்டிருக்கிறேன்.