ஆரணிக்கு அம்மம்மா எழுதுறது

ஸ்காபரோ, ரொறன்ரோ
10.04.2022, ஞாயிறு

என்ர குஞ்சு ஆரணிக்கு,

அம்மம்மா எழுதுறன். நான் இங்க சுகம். முழங்கால் உளைவு வழமைபோல, அதை விடு. நீயும் அம்மா அப்பாவும் தம்பியும் சுகமா இருக்க நல்லூரானை வேண்டிக்கொண்டுதான் பேனையை எடுத்தனான். எழுத்துக் கோணலாக் கிடந்தால் என்ர கண்ணாடியைக் குறை சொல்லு, கையைச் சொல்லாதை.

போன கிழமை போனில கதைக்கேக்க நீ மூக்கை உறிஞ்சிக்கொண்டு கதைச்சாய். தடிமன் எண்டாய். பேந்து அம்மாட்டைக் கேட்டால், 13 மணித்தியாலம் கரண்ட் நிண்ட அண்டைக்கு, மே 23 சோதினை, ஒண்டும் படிச்சு முடியேல்லை எண்டு கொப்பியைத் தூக்கி எறிஞ்சுபோட்டு அழுதனியாம். அழுததுக்கு நான் ஏசேல்லை. கொப்பியை எறிஞ்சது தான் எனக்குப் பிடிக்கேல்லை. அங்க இப்ப கடதாசிக்கும் தட்டுப்பாடாமே.

இந்தப் பார்சலுக்குள்ள ஒரு டோர்ச் இருக்கு. பற்றி வேண்டாம். பக்கத்தில ஒரு சின்னக் கைபிடி மடிஞ்சு கிடக்கும், அதை நிமித்திச் சுத்த வேணும். ஒரு நிமிசம் சுத்தினால் அரை மணித்தியாலம் எரியும் எண்டு கடைக்காரப் பெடியன் சொன்னான். நான் வீட்டை கொண்டுவந்து குசினி லைட்டை நிப்பாட்டிப்போட்டு மணிக்கூட்டைப் பாத்துக்கொண்டு இருந்தனான். இருபது நிமிசம் தான். அதுக்குப் பிறகு எரியுது, ஆனால் எழுத்துத் தெரியாது. மாமி வந்து, "என்ன மாமி இருட்டுக்குள்ள இருக்கிறியள்?" எண்டு பயந்துபோனா. அவசரப்பட்டுச் சுத்தாதை, கைபிடி உடையும். மோர் கடையிற மாதிரி ஒரே சீராச் சுத்து.

இதைக் கடையில கண்டவுடனை எனக்குத் தாத்தான்ர டைனமோ தான் ஞாபகம் வந்தது. 1990 இல சண்டை திரும்பத் தொடங்கினாப்போல எங்கட பக்கம் கரண்ட் போனது போனது தான். பற்றியும் வரவிடேல்லை, மண்ணெண்ணெயும் தட்டுப்பாடு. சங்கக்கடை வரிசையில போத்தலோட நிண்டு நிண்டே எனக்கு இந்த முழங்கால் உளைவு வந்தது எண்டு நான் சொல்லுறது. டொக்டர் வயசு எண்டுறார்.

றேடியோவுக்குப் பற்றி இல்லாட்டி என்ன செய்யிறது? தாத்தா தன்ர றலி சைக்கிளைத் தலைகீழாக் கவிட்டு முத்தத்தில வைப்பார். டைனமோவில இருந்து ரண்டு வயர் இழுத்து றேடியோவில கொளுவுவார். ஆரும் ஒராள் இருந்து பெடலைக் கையால சுத்த வேணும். சில்லுச் சுத்தினால் தான் பிபிசி தமிழோசை கதைக்கும். அயலட்டைச் சனம் எல்லாம் வந்து வேலிக்கரையில குந்தியிருக்கும். சுத்துறவனுக்கு மூச்சு வாங்கும், ஒரு செய்தியும் காதில விழாது. அதால பெரிய ஆக்கள் ஒருதரும் சுத்த மாட்டினம். சின்னமாமா தான் அந்த உத்தியோகம். அப்ப அவருக்குப் பத்து வயசு. சம்பளம் ஒரு துண்டு பனங்கட்டி.

அவர் லேசுப்பட்ட ஆளில்லை. முக்கியமான செய்தி வருது எண்டு எல்லாரும் வாயைப் பொத்திக்கொண்டு இருக்கேக்க மெல்ல மெல்லச் சுத்தைக் குறைப்பார். றேடியோக்காரற்றை குரல் கிணத்துக்குள்ள போற மாதிரித் தேஞ்சு தேஞ்சு போகும். "டேய் சுத்தடா!" எண்டு தாத்தா கத்துவார். "கை நோகுது. இன்னொரு துண்டு தந்தால் சுத்துவன்." அத்தினை சனத்துக்கு முன்னால தாத்தா என்ன செய்யிறது? நான் குசினிக்கு ஓடிப்போய் எடுத்துக்கொண்டு வாறனான். இப்ப லண்டனில பெரிய கணக்காளர் எண்டு கோட் போட்டுக்கொண்டு திரியிறார். அவற்றை முதல் கணக்கு அது தான்.

இனி அம்மான்ர கதை. இதை அவ உனக்குச் சொல்லியிருக்க மாட்டா.

அவவும் உன்னை மாதிரித் தான் ஓ.எல் எடுத்தவ, 1994 மார்கழியில. விளக்கு எண்டது ஜாம் போத்தல் விளக்கு. ஒரு வெறும் ஜாம் போத்தலுக்குள்ள அடியில பஞ்சை வைச்சு, பஞ்சு நனையிற அளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய் விடுறது. திரியைக் கம்பியால சுத்தி நிமித்தி வைக்கிறது. போத்தல்ச் சுவரே சிம்னி. ஒரு நாளுக்கு ஒரு சின்னத் துளி எண்ணெய் தான் போகும், ஆனால் வெளிச்சமும் அவ்வளவு தான். கொப்பியை விளக்கோட ஒட்டி வைச்சால் தான் எழுத்துத் தெரியும். விடிய எழும்பி மூக்கைச் சீறினால் கறுப்பாப் போகும். தலையணை உறையிலயும் கரி. அதைத் தோய்க்கச் சவுக்காரமும் இல்லை, பனம்பழத்தைப் போட்டுத் தோய்ச்சனாங்கள். உடுப்பெல்லாம் பனங்காய் மணம், மாடு பின்னால வரும்.

கணக்குச் சோதினைக்கு முதல்நாள் இரவு. நான் படுத்திட்டன். தாத்தா திண்ணையில. திடீரெண்டு கோழி இறகு பொசுங்கின மாதிரி ஒரு மணம். ஓடிப்போய்ப் பாத்தால் உன்ர அம்மா கொப்பிக்கு மேல கவிண்டு படுத்து நித்திரை, முன்மயிர் போத்தல் வாயில கிடந்து பொசுங்குது! செம்பில கிடந்த தண்ணியைத் தலையில ஊத்தினன். அவ எழும்பி, "ஐயோ அம்மா, என்ர கொப்பி!" எண்டு கத்தினாவே தவிர மயிரைப் பற்றி ஒரு சொல்லுக் கேக்கேல்லை. பொசுங்கினதைத் தாத்தா கத்தரிக்கோலால வெட்டிவிட்டார். அவர் மாட்டுக்குக் கயிறு வெட்டிப் பழகின ஆள். ஒரு பக்கம் புருவத்துக்கு மேல, மற்றப் பக்கம் காது வரைக்கும். அந்தக் கோலத்தோட தான் போய்ச் சோதினை எழுதினவ. கணக்குக்கு டி வந்தது, அப்ப அது தான் ஆகத் திறமான பெறுபேறு. அந்த நேரத்தில எடுத்த அடையாள அட்டைப் படத்தைக் கேட்டுப் பார், ஒளிச்சு வைச்சிருப்பா.

அடுத்த வருசம் ஐப்பசி 30 இடம்பெயர்வு. அதைப் பற்றி அப்பா உனக்குச் சொல்லியிருப்பார், பள்ளிக்கூடத்திலயும் கதைச்சிருப்பியள், நான் கனக்க எழுதேல்லை. கொக்குவிலில இருந்து நாவற்குழிப் பாலத்துக்குச் சைக்கிளில ஒரு மணித்தியாலம் காணும். அண்டைக்கு எங்களுக்கு விடியுமட்டும் எடுத்தது. மழை. றோட்டு முழுக்கச் சனம், கால் எடுத்து வைக்க இடமில்லை. தண்ணி விடாய்க்குச் சனம் குடையை மல்லாத்திப் பிடிச்சு மழைத்தண்ணி குடிச்சது. எங்கட சைக்கிள் பாரில அரிசி, கரியரில உன்ர அம்மான்ர புத்தகங்கள், பொலித்தீனால சுத்தி. புத்தகத்தை விட்டிட்டு இன்னொரு பை அரிசி வைப்பம் எண்டு தாத்தா சொன்னவர். நான் தான் வேண்டாம் எண்டனான். கொடிகாமத்தில அரிசி முடிஞ்சாப்போல என்ர வாயை நானே நொந்தனான், அது வேற விசயம். அப்ப தான் தாத்தா டைனமோவைக் கழட்டிக்கொண்டு போய், நாங்கள் ஒண்டியிருந்த வீட்டுக்குப் பக்கத்தில ஒருதரிட்டைக் குடுத்து ரண்டு கொத்து அரிசி வாங்கிக்கொண்டு வந்தவர். சின்னமாமா அண்டு முழுக்க ஒருதரோடயும் கதைக்கேல்லை. சோறு மட்டும் திண்டவர்.

கனடாவில கரண்ட் நிக்காதெண்டு நினைக்காதை. 2013 மார்கழியில, நத்தாருக்கு ரண்டு மூண்டு நாள் முன்னம், இங்க மழை பெய்து விழுந்த இடத்திலயே ஐஸா உறைஞ்சது. மரமெல்லாம் கண்ணாடி போத்த மாதிரி வடிவெண்டால் வடிவு. இரவு கொப்புகள் பாரம் தாங்காமல் முறிய வெளிக்கிட்டுது. படார், படார் எண்டு சத்தம். நான் நித்திரையில கட்டிலால உருண்டு நிலத்தில குப்புறப் படுத்திட்டன். மாமி ஓடிவந்து சுவிச்சைப் போடுறா, லைட் இல்லை. பாவம், அவவுக்கு நான் விழுந்திட்டன் எண்டு தான் நினைப்பு. நானும் ஓம் விழுந்திட்டன் எண்டு சொல்லிப்போட்டன்.

ரண்டு நாள் கரண்ட் இல்லை. ஹீற்றர் இல்லை, அடுப்பும் கரண்ட் அடுப்பு. பெரியமாமா போன் சார்ஜ் பண்ணக் காருக்குள்ள போய் இருக்கிறார். நான் ஜாம் போத்தலைத் தேடி எடுத்தன். மண்ணெண்ணெய்க்கு எங்க போறது? தேங்காயெண்ணெய் குளிருக்குக் கல்லாக் கிடந்தது. நல்லெண்ணெய் விட்டு, மாமி முகம் துடைக்கிற பஞ்சில திரி திரிச்சுக் கொளுத்தினன். துவாரகன் வாயைப் பிளந்துகொண்டு பாத்தான், அப்ப அவனுக்கு ஆறு வயசு. அஞ்சு நிமிசம் போகேல்லை, முகட்டில இருக்கிற புகை மணி கீக்கீ எண்டு கத்தத் தொடங்கிட்டுது! கரண்ட் போனாலும் அதுக்குள்ள பற்றி இருக்காம். மாமா கதிரையில ஏறித் துவாயால விசுக்கினார். விளக்கை நூத்துப்போட்டு எல்லாரும் ஒரு கம்பளிக்குள்ள இருந்தம். அப்ப தான் துவாரகனுக்கு சின்னமாமான்ர பனங்கட்டிக் கதையைச் சொன்னனான். அவன் அதைப் பள்ளிக்கூடத்தில ஆங்கிலத்தில எழுதிப் பரிசும் வாங்கினவன். பனங்கட்டியை மட்டும் "சொக்லேட்" எண்டு எழுதிப்போட்டான்.

சரி, கை உளையுது. பார்சலை நாளைக்கு வெளிக்கிடுற எங்கட கோயில் ரீச்சர் கொண்டு வாறா. வருசப் பிறப்புக்கு முதல் கையில கிடைக்காது. கவருக்குள்ள ஒரு நீல நோட்டு இருக்கு, அஞ்சு டொலர், அது என்ர கைவிசேஷம். மாத்தாதை. சாமித்தட்டில வைச்சு எடுத்துப் புத்தகத்துக்குள்ள வை. தம்பிக்கு வேற கவர் இருக்கு, அவன் எண்ணிப் பாப்பான், அதால அதுக்கும் அஞ்சு தான். வியாழக்கிழமை மருத்துநீர் வைச்சுத் தலைமுழுகிப்போட்டுக் கோயிலுக்குப் போயிருப்பாய். டோர்ச் சுத்தியிருக்கிற கம்பளிச் சொக்ஸ் உனக்கில்லை, வெறும் பொதிதான், ஆனால் அம்மா இரவில கால் குளிருது எண்டால் குடு.

மதில்ல ஏறிப் படிக்காதை. டோர்ச் வெளிச்சத்தை வலது கைப்பக்கம் வைச்சால் கை நிழல் விழும், இடப்பக்கம் வை. சோதினை முடிஞ்சாப்போல போனில சொல்லாதை, எனக்கொரு கடிதம் எழுது. கடதாசி இல்லாட்டி பழைய கொப்பி அட்டையில எழுது.

அன்புடன்
அம்மம்மா

பி.கு.: மயிர் பொசுங்கின கதையை நான் சொன்னதெண்டு அம்மாவுக்குச் சொல்லாதை. சின்னமாமா சொன்னவர் எண்டு சொல்லு.