லண்டனிலும் மியூனிக்கிலும் ஹாஸ்டலில் இருக்கும் உங்கள் பிள்ளைக்கு ஒரு தீபாவளிப் பெட்டி

இந்த வருடம் தீபாவளி நவம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. பிரிட்டனிலோ ஜெர்மனியிலோ படிக்கிற பிள்ளைக்குப் பலகாரம் அனுப்ப நினைப்பவர்கள் அக்டோபர் 20-க்குள் சொல்லிவிடுங்கள். 26-ஆம் தேதி திருச்சியிலிருந்து மொத்தமாக அனுப்புகிறோம்.

முதலிலேயே சொல்லிவிடுகிறோம், பெட்டியில் மைசூர்பாகு கிடையாது, பால்கோவா கிடையாது, நெய் ஒரு சொட்டு கூடக் கிடையாது. இந்தியாவிலிருந்து பால் பொருள் எதையும் பார்சலில் அந்த இரண்டு நாட்டுக்கும் அனுப்பக் கூடாது. போன வருடம் அது தெரியாமல் நெய்யில் செய்த இனிப்பை வைத்தோம், மூன்று பெட்டியைச் சுங்கத்தில் நிறுத்திவிட்டார்கள். தப்பு எங்கள் மேல்தான், பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம். ஆனால் அந்தப் பிள்ளைகளுக்குத் தீபாவளி போனது போனதுதானே.

அதனால் இப்போது மணப்பாறை முறுக்கு அரை கிலோ, எண்ணெயில் சுட்ட அதிரசம் பத்து, கோவில்பட்டி கடலைமிட்டாய் கால் கிலோ, ரிப்பன் பகோடா, தட்டை, நல்லெண்ணெய் மட்டும் விட்டுக் கிண்டிய தீபாவளி லேகியம், சீயக்காய்த் தூள். அப்புறம் பருப்புப் பொடியும் புளிக்காய்ச்சலும். பலகாரம் நான்கு நாளில் தீர்ந்துவிடும், பொதுச் சமையலறையில் தாளித்துப் புகை கிளப்பி அலாரத்தை அலறவிடாமல் ஒரு மாதம் சாப்பிட வைப்பது இந்த இரண்டும்தான். அறைத்தோழர்களோடு பகிர்வார்கள், அவர்களில் யாருக்காவது கடலை ஒத்துக்கொள்ளாமல் இருக்கலாம் என்பதால் எதில் என்ன சேர்த்திருக்கிறது என்று ஒவ்வொரு பொட்டலத்திலும் ஆங்கிலத்தில் ஒட்டியிருப்போம்.

மூன்று கிலோ பெட்டி, கூரியரோடு சேர்த்து பிரிட்டனுக்கு ரூ. 4,950, ஜெர்மனிக்கு ரூ. 5,400. அனுப்புகிறவரின் ஆதார் நகல் வேண்டும். உறவினர் அனுப்பும் பரிசாகப் போவதால் பிரிட்டனில் 39 பவுண்டு, ஜெர்மனியில் 45 யூரோ மதிப்பு வரை வரி இல்லை. பெட்டியில் இருக்கும் பொருள் அதற்குள் அடங்கிவிடும்.

முகவரியில் அறை எண்ணும் பிள்ளையின் அந்த ஊர் செல்போன் எண்ணும் கட்டாயம். திடீரென்று கொடுத்து ஆச்சரியப்படுத்தலாம் என்று சொல்லாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள், தெரியாத எண் என்று பிள்ளை கூரியர்காரரின் போனை எடுக்காமல் விட்டு, பெட்டி ஒரு வாரம் எங்கோ கிடந்த கதையும் உண்டு.

புதுத்துணி வைக்க விரும்பினால் 20-ஆம் தேதிக்குள் எங்களுக்கு அனுப்புங்கள், அரை கிலோ வரை தனிக் கட்டணம் இல்லை. பட்டு வேண்டாம், மதிப்பு வரி வரம்பைத் தாண்டிவிடும். இதே வாட்ஸ்அப் எண்ணுக்குப் பெயரும் முகவரியும் அனுப்பினால் போதும், கைப்பட எழுதிய கடிதம் இருந்தால் படம் எடுத்து அனுப்புங்கள், அச்சிட்டு வைக்கிறோம். துணியின் ஓரத்தில் மஞ்சள் தடவ வேண்டுமா என்பதையும் சொல்லிவிடுங்கள்.