டிரெய்லர் ஒப்பந்தம்: வியாழக்கிழமை கையெழுத்துக்கு முன் மாற வேண்டியவை

வணக்கம் மேடம்,

84 பக்கத்தையும் ஐந்து இணைப்புகளோடு சேர்த்துப் படித்து முடித்துவிட்டேன். போனில்தான் பார்ப்பீர்கள் என்பதால் முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன்: வியாழக்கிழமை இதை இப்படியே கையெழுத்துப் போட வேண்டாம்.

ரேட்டில் குறை இல்லை. காட்டுப்பள்ளி, எண்ணூர், சென்னைத் துறைமுகம் மூன்றிலிருந்தும் மாதவரம் கிடங்குக்கு 40 அடிப் பெட்டி ஒன்றுக்கு 9,500 ரூபாய். இப்போது கொடுப்பதைவிட 700 குறைவு. மாதம் 400 டிரிப்புக்கு 2.8 லட்சம் மிச்சம். ஆனால் அந்த மிச்சத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ள டிடென்ஷன், குறைந்தபட்ச டிரிப், டீசல் என்று மூன்று வழி வைத்திருக்கிறார்கள். சரக்குச் சேதம் தனிக் கதை.

முதலில் 6-ஆம் பக்கம், பிரிவு 2.3. மூல ஒப்பந்தமும் இணைப்பும் முரண்பட்டால் இணைப்பே செல்லும் என்கிறது. ஒற்றை வரிதான், ஆனால் மற்ற எல்லாம் இதில்தான் தொங்குகிறது. 19-ஆம் பக்கத்தில், டிரெய்லர் தாமதத்தால் வரும் டிடென்ஷனை வெண்டர் ஏற்பார் என்று இருக்கிறது. நம் சட்டப் பிரிவு அதைப் பார்த்துத்தான் சரி சொல்லியிருக்கிறது. 71-ஆம் பக்கம் இணைப்பு 4-இல், 'காரணம் எதுவாயினும்' டிடென்ஷன் வாடிக்கையாளர் கணக்கு என்று இருக்கிறது. 2.3-இன்படி 71-தான் ஜெயிக்கும். நம் ஷிப்பிங் லைன் ரேட்டில் இலவச நாள் முடிந்ததும் பெட்டிக்கு நாளொன்றுக்கு 50 டாலர். பத்துப் பெட்டி நான்கு நாள் பிந்தினால் 2,000 டாலர், ஒன்றே முக்கால் லட்சத்துக்குக் குறையாது. கேட்க வேண்டியது: முரண்பட்டால் மூல ஒப்பந்தமே செல்லும் என்று 2.3-ஐத் திருப்ப வேண்டும். இணைப்பு 4-இல் அந்த இரண்டு சொல்லை எடுத்துவிட்டு 'வாடிக்கையாளரின் தவறால்' என்று போட வேண்டும்.

அடுத்து, 24-ஆம் பக்கம், குறைந்தபட்ச டிரிப். மாதம் 350-க்குக் கீழே போனால், குறைந்த ஒவ்வொரு டிரிப்புக்கும் முழு வாடகை. சென்ற வருஷம் இரண்டு மாதம் நாம் 290-இல்தான் நின்றோம். அப்படி ஒரு மாதம் வந்தால் 60 டிரிப், 5.7 லட்சம், இரண்டு மாத மிச்சம் ஒரே பில்லில் போய்விடும். அதைவிட மோசம், நாம் கேட்டும் அவர்கள் வண்டி அனுப்பாத டிரிப்பைக் கழிக்க வழியே இல்லை. அவர்கள் வண்டி தராமல் 350 குறைந்தாலும் பணம் நாம் கட்ட வேண்டும்.

இதோடு 52-ஆம் பக்கத்தையும் சேர்த்துப் படியுங்கள். தவிர்க்க முடியாத நிகழ்வு என்ற பட்டியலில் மழை, தண்ணீர் தேங்குதல், துறைமுக வாசல் நெரிசல், டிரைவர் பற்றாக்குறை எல்லாம் இருக்கின்றன. எண்ணூர் விரைவுச் சாலையில் வண்டிகள் வரிசை கட்டி நிற்பதை எதிர்பாராத நிகழ்வு என்று யாராவது சொன்னால் திருவொற்றியூரே சிரிக்கும். 2023 டிசம்பர் மிக்ஜாம் போன்ற புயல் இந்தப் பட்டியலுக்குப் பொருந்தும். வருஷா வருஷம் ஐப்பசி கார்த்திகையில் மணலிப் பக்கம் நிற்கும் தண்ணீர் பொருந்தாது. தவிர, இந்த விலக்கு 'சேவை வழங்குபவருக்கு' மட்டும். புயலில் துறைமுகம் மூடினால் அவர்களுக்குத் தாமத அபராதம் இல்லை, நமக்கோ 350 டிரிப் கணக்கு ஓடும். கேட்க வேண்டியது: கணக்கை மாதத்துக்குப் பதிலாகக் காலாண்டுக்கு 900 டிரிப் என்று வைப்பது, அவர்கள் மறுத்த டிரிப்பும் துறைமுகம் மூடிய நாட்களும் கழிவது, விலக்கு இரு தரப்புக்கும் பொருந்துவது, நெரிசலும் டிரைவர் பற்றாக்குறையும் பட்டியலிலிருந்து போவது.

டீசல், 66-ஆம் பக்கம். அடிப்படை விலை லிட்டர் 88 என்று போட்டு, ஒரு ரூபாய் ஏறினால் வாடகை 0.8 சதவீதம் ஏறும் என்கிறார்கள். இறங்கினால் குறையாது. பங்கில் விலை 92.50 என்று வைத்தால் முதல் நாளே 3.6 சதவீதம் ஏறி, மாதம் 1,36,800 கூடுதல். மிச்சத்தில் பாதி அங்கேயே போயிற்று. 0.8 என்பதே அதிகம்: வாடகையில் டீசல் பங்கு 45 சதவீதம் என்று அவர்களே செலவு விவரத்தில் கொடுத்திருக்கிறார்கள். 88-இல் ஒரு ரூபாய் என்பது 1.14 சதவீத ஏற்றம். அதில் 45 சதவீதம் எடுத்தால் 0.51. கையெழுத்து நாளின் சென்னை விலையை அடிப்படையாக வைத்து, ரூபாய்க்கு 0.5 சதவீதம், ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும். அவர்கள் கணக்கிலிருந்தே எடுத்தது என்பதால் மறுக்கச் சிரமப்படுவார்கள்.

சரக்குச் சேதம், 38-ஆம் பக்கம். வெண்டரின் பொறுப்பு அந்த டிரிப்பின் வாடகையோடு முடிகிறது: 9,500. நம் பெட்டியில் 40 லட்சத்துச் சரக்கு போகிறது. ஒப்பந்தத்தில் ஒன்றுமே எழுதாமல் விட்டாலும் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம் 2007-இன் விதிகள்படி வரம்பு வாடகையைப் போல் பத்து மடங்கு, அதாவது 95,000. எழுதிக் கொடுத்து அதைவிடக் கீழே இறங்குகிறோம். புகார் எழுத்தில் தர 48 மணி நேரம்தான். சட்டத்தில் சரக்கை புக் செய்த நாளிலிருந்து 180 நாள்.

இதைவிட எனக்கு உறுத்துவது அதே பக்கத்துக் கடைசி வரி: நம் இன்ஷூரன்ஸ் கம்பெனி வெண்டரிடம் வசூலிக்கும் உரிமையை நாம் விட்டுக்கொடுக்கிறோம். நம் கம்பெனியைக் கேட்காமல் இதில் கையெழுத்துப் போட்டால், கிளெய்ம் வரும்போது அதையே காரணம் காட்டிக் குறைக்கலாம், மறுக்கலாம். அந்த வரி போக வேண்டும். பொறுப்பு வரம்பு சம்பவத்துக்கு 25 லட்சம், அதற்கு அவர்கள் பாலிசி எடுத்து நகல் தர வேண்டும்.

மற்றவை சுருக்கமாக. 60 நாள் கிரெடிட் வாங்கியதைப் பர்ச்சேஸில் வெற்றியாகச் சொல்கிறார்கள், அது நிற்காது. வெண்டரின் உத்யம் சான்றிதழில் 'சிறு நிறுவனம்' என்றிருக்கிறது, எனவே 2006-ஆம் ஆண்டுக் குறு, சிறு, நடுத்தர நிறுவன மேம்பாட்டுச் சட்டப்படி உச்சம் 45 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல் மூன்று மடங்கில் மாதாந்தரக் கூட்டு வட்டி. அக்கவுண்ட்ஸுக்கு இப்போதே சொல்லிவிடுங்கள். கிடங்கில் நிற்கும் அவர்களுடைய 14 லோடுமேன்களுக்குச் சம்பளமோ பிஎஃபோ கட்டாமல் விட்டால் முதன்மை வேலையளிப்பவர் என்று நம்மிடம் வருவார்கள். பில்லோடு இசிஆர் சலானும் இஎஸ்ஐ ரசீதும் வராவிட்டால் பணம் நிறுத்தலாம் என்று ஒரு வரி சேர்த்தால் போதும். நடுவரை அவர்களின் நிர்வாக இயக்குநரே நியமிப்பார், இடம் மும்பை என்கிறது 58-ஆம் பக்கம். விவகாரத்தில் பங்குள்ளவர் தனி நடுவரை நியமிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2019-லேயே சொல்லிவிட்டதால் நியமனத்தைக் கைவிடுவார்கள். இடத்தைச் சென்னை என்று மாற்றுவதில்தான் பிடிவாதம் வேண்டும். 9-ஆம் பக்கத்தின்படி, முடிவுத் தேதியான 31.03.2029-க்கு 120 நாள் முன், அதாவது 01.12.2028-க்குள், பதிவுத் தபாலில் வேண்டாம் என்று சொல்லாவிட்டால் 6 சதவீத உயர்வோடு இன்னொரு மூன்று வருஷம் ஓடும். மின்னஞ்சல் செல்லாதாம்.

பேரம் பேசும்போது எல்லாம் கிடைக்காது. விட்டுக்கொடுக்க வேண்டி வந்தால் டீசலில் 0.6 வரை இறங்கலாம், பொறுப்பு வரம்பில் 15 லட்சம் வரை வரலாம். பிரிவு 2.3-இலும் இன்ஷூரன்ஸ் வரியிலும் இறங்க வேண்டாம்.

திருத்தங்களைச் சிவப்பில் போட்ட கோப்பை இணைத்திருக்கிறேன். செவ்வாய் மாலைக்குள் 'சரி' என்று ஒரு வரி அனுப்பினால் புதன் காலை வெண்டருக்குப் போய்விடும். பழைய டிரான்ஸ்போர்ட்டர் ஏப்ரல் 30 வரை ஓட்டச் சம்மதித்திருக்கிறார், எனவே வியாழக்கிழமை தள்ளிப்போனாலும் பெட்டி நிற்காது. இது வெண்டருக்குத் தெரிய வேண்டியதில்லை.

நன்றி,
டீம் லீட், துறைமுகப் போக்குவரத்து
மாதவரம் கிடங்கு