9-ஆம் வகுப்பு அறிவியல் மன்ற விளக்கவுரை: நடுவர்களுக்கான மதிப்பெண் முறை

மூன்று நடுவர்களுக்கும் வணக்கம். கிருஷ்ணகிரி வட்டாரத்தைப் பற்றி 14 குழுக்கள் பேசப்போகின்றன. ஒரு குழுவுக்கு 6 நிமிடம் பேச்சு, 2 நிமிடம் கேள்வி. மொத்தம் 30 மதிப்பெண்: ஆதாரம் 12, தெளிவு 10, அமைப்பு 8.

போன வருடம் ஒரே மாணவிக்கு ஒருவர் 27 போட்டார், இன்னொருவர் 16 போட்டார். விசாரித்தால் ஒருவர் குரலுக்குப் போட்டிருந்தார், மற்றவர் தகவலுக்குப் போட்டிருந்தார். இருவர் மேலும் தப்பில்லை. எதற்கு எவ்வளவு என்று நாங்கள் சொல்லவே இல்லை. அதனால்தான் இந்தத் தாள்.

ஆதாரம் (12)

சொன்னதை எங்கிருந்து எடுத்தார்கள், அது சொன்ன கருத்தைத் தாங்குகிறதா, இந்த இரண்டையும் பாருங்கள். எத்தனை எண்கள் சொன்னார்கள் என்று எண்ண வேண்டாம்.

10–12: முக்கியமான ஒவ்வொரு கருத்துக்கும் மூலம் சொல்கிறார்கள், அந்த மூலத்தின் எல்லையும் தெரிந்திருக்கிறது. "எங்கள் தெருவில் 5 போர்வெல் தண்ணீரைச் சோதனைக்குக் கொடுத்தோம். 3-இல் ஃப்ளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் இருந்தது. இந்தியத் தர நிர்ணயப்படி விரும்பத்தக்க அளவு 1, வேறு நீர் கிடைக்காவிட்டால் 1.5 வரை. இது 5 கிணற்றின் கணக்குதான், ஊர் முழுக்க இப்படி என்று சொல்ல மாட்டோம்." இந்தக் கடைசி வாக்கியம் வந்தால் 12 போடத் தயங்காதீர்கள்.

7–9: மூலம் உண்டு, ஆனால் முடிவு அதைத் தாண்டி ஓடுகிறது. அதே 5 கிணற்றை வைத்து "மாவட்டமே பாதிப்பு" என்றால் இங்கே.

4–6: எண்ணோ பெயரோ வருகிறது, எங்கிருந்து என்று கேட்டால் "நெட்டில் பார்த்தோம்" என்பதோடு நின்றுவிடுகிறது.

0–3: "எல்லோருக்கும் தெரியும்" வகை.

மயிலாடும்பாறை இரும்பு பற்றி இரண்டு குழுக்கள் பெயர் கொடுத்திருக்கின்றன. அங்கே கிடைத்த மாதிரிக்கு பொ.ஆ.மு. 2172 என்ற காலக்கணிப்பு 2022-இல் அறிவிக்கப்பட்டது. அதைச் சரியாகச் சொன்னால் நல்ல ஆதாரம். ஆனால் "தமிழ்நாட்டிலேயே பழைய இரும்பு இதுதான்" என்றால் கேள்வி நேரத்தில் கேளுங்கள்: 2025 ஜனவரியில் தூத்துக்குடி மாவட்டச் சிவகளை அகழாய்வு முடிவுகள் அதைவிடப் பின்னோக்கிப் போய்விட்டன. திருத்திக்கொண்டால் மதிப்பெண்ணைக் குறைக்காதீர்கள். அடம்பிடித்தால் 9-க்கு மேல் வேண்டாம்.

தெளிவு (10)

தலைப்பைப் பற்றி எதுவும் தெரியாத ஒரு 8-ஆம் வகுப்புப் பிள்ளைக்குப் புரியுமா? இதுதான் அளவுகோல்.

8–10: புதுச் சொல் வந்ததும் விளக்கம் வருகிறது, ஒரு முறை கேட்டாலே பிடிபடுகிறது. 5–7: பெரும்பாலும் புரிகிறது, ஓரிரு இடத்தில் மனப்பாடம் ஓடுகிறது. 2–4: தாளைப் பார்த்தே படிக்கிறார்கள், நாம் ஊகித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. 0–1: என்ன சொன்னார்கள் என்றே தெரியவில்லை.

வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் பிள்ளைகள் நம்மிடம் நிறைய. உச்சரிப்புக்காகவோ, "வந்துச்சுங்க" என்று பேச்சுவழக்கு கலந்ததற்காகவோ குறைக்க வேண்டாம். குரல் கணீரென்று இருப்பதற்கு தனி மதிப்பெண் இல்லை. நடுக்கம் இருந்தாலும் பொருள் வந்து சேர்ந்ததா என்று மட்டும் பாருங்கள்.

அமைப்பு (8)

முதல் ஒரு நிமிடத்துக்குள் கேள்வி என்ன என்று சொல்லி, நடுவில் வந்தது அதற்கே பதிலாக இருந்து, முடிவு அந்தக் கேள்விக்குத் திரும்பினால் 7–8. பகுதிகள் இருக்கின்றன, ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் போவது தாவலாக இருக்கிறது என்றால் 4–6. கே.ஆர்.பி. அணையில் தொடங்கி மாங்கூழ் தொழிற்சாலையில் முடிந்து, நடுவில் வழியே இல்லாவிட்டால் 0–3. 6 நிமிடம் தாண்டினால் மணி அடிப்போம். அதற்குப் பின் பேசியது எந்தப் பிரிவிலும் கணக்கில் வராது.

மதிப்பெண் போடும் விதம்

முதல் குழு வருமுன் போன வருட வீடியோ ஒன்றைப் போட்டுக் காட்டுவோம். மூவரும் தனித்தனியாக மதிப்பெண் போட்டுவிட்டு, ஒரு பிரிவில் 3-க்கு மேல் வித்தியாசம் வந்தால் தாளில் உள்ள எந்த வரியைப் பிடித்துப் போட்டீர்கள் என்று பேசிக்கொள்ளுங்கள். இதற்குக் கால்மணி நேரம் போகும், போகட்டும்.

போட்டி நடக்கும்போது ஒருவர் தாளை ஒருவர் பார்க்க வேண்டாம். ஒரு குழு இறங்கியதும் எழுதிவிடுங்கள். "கடைசியில் சேர்த்துப் போடலாம்" என்றால் காலையில் வந்த பிள்ளைகள் மறந்துபோவார்கள். ஒவ்வொரு மதிப்பெண்ணுக்குப் பக்கத்திலும் நாலு வார்த்தை காரணம் வேண்டும். உதாரணமாக: "ஆதாரம் 8. மூலம் சொன்னார்கள், முடிவு பெரிது." பெற்றோர் வந்து கேட்டால் அந்த நாலு வார்த்தைதான் நமக்குக் கை கொடுக்கும்.

மேடையில் எந்தப் பிரிவிலாவது 3-க்கு மேல் வித்தியாசம் வந்தால் சராசரி எடுக்காமல் மூவரும் பேசி மாற்றுங்கள். மாற்ற மனமில்லாதவர் அப்படியே விட்டுவிடலாம். மொத்தம் சமமானால் ஆதாரத்தில் கூடியவருக்கு இடம், அதுவும் சமமானால் இரண்டு குழுவுக்கும் பரிசு. தாள்களைக் கையெழுத்துப் போட்டு மதியச் சாப்பாட்டுக்கு முன் மன்றச் செயலாளரிடம் கொடுத்துவிடுங்கள்.