பொருள்: இயல் 4 (ஏரி வாரியமும் ஏரி வருவாயும்) – ஒப்படைப்பு நாளை ஜனவரி 31இலிருந்து மார்ச் 14க்கு மாற்றித் தர வேண்டுதல்

8 ஜனவரி 2025

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

வணக்கம். நான்காம் இயலை ஜனவரி 31க்குள் தர வேண்டும். அந்த நாளை மார்ச் 14, வெள்ளிக்கிழமைக்கு மாற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். கூடுதலாகக் கேட்பது ஆறு வாரம். இயலின் முதல் மூன்று பகுதிகளும் (4.1 முதல் 4.3 வரை) முடிந்துவிட்டன, அவற்றைப் பழைய தேதியிலேயே தந்துவிடுகிறேன். அவகாசம் வேண்டியிருப்பது 4.4, 4.5 ஆகிய இரண்டுக்கு மட்டும். இரண்டிலும் கல்வெட்டுகளின் காலமும் அளவும் உறுதியாகாமல் எதை எழுதினாலும் பிறகு அடித்து எழுத வேண்டிவரும்.

முதலில் காலக் கணிப்பு. தொண்டைமண்டலத்தில் ஏரிப் பராமரிப்புக்குத் தனியார் பொன் வைத்து அதன் பலிசையில் குழி எடுத்த வழக்கம் மெல்லக் குறைந்து, சபையே நிலத்தின் மேல் நெல்லாகத் தண்டும் முறை வந்தது என்பதுதான் 4.4இன் வாதம். அது எப்போது வந்தது என்பதில்தான் சிக்கல். தொகுப்பில் உள்ள 64 கல்வெட்டுகளில் 38இல் அரசனை அடைமொழியாலோ மெய்க்கீர்த்தியாலோ ஐயமின்றிச் சொல்லிவிடலாம். மீதி 26இல் 9 வெறும் ‘கோராஜகேசரிவர்மன்’, 17 வெறும் ‘கோப்பரகேசரிவர்மன்’.

ராஜகேசரிகள் தொல்லை தரவில்லை. ஒன்பதுமே குறைந்த ஆட்சியாண்டுகள். அபராஜிதன் வீழ்ந்த பிறகே இப்பகுதி முதலாம் ஆதித்தன் கைக்கு வந்தது. திருக்கழுக்குன்றத்தில் அவனது 27ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு இருப்பதுபோல, இங்கே அவன் பெயரில் வருபவை பிந்திய ஆண்டுகளாகத்தான் இருக்க முடியும். கண்டராதித்தன் காலத்தில் இங்கே ராஷ்டிரகூடர் கை ஓங்கியிருந்தது. எனவே எஞ்சுபவர்கள் சுந்தர சோழனும் முதலாம் ராஜராஜனின் தொடக்க ஆண்டுகளும்தான். யாராக இருந்தாலும் 10ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி. வாதம் அசையாது.

பரகேசரிகள் அப்படியல்ல. பதினேழில் ஐந்து 16க்கு மேற்பட்ட ஆட்சியாண்டு கொண்டவை. உத்தம சோழனுக்கு அவ்வளவு ஆண்டுகள் இல்லாததால் அவற்றை முதலாம் பராந்தகனுக்குக் கொடுத்துவிட்டேன். எஞ்சிய பன்னிரண்டும் பராந்தகன், உத்தமன் இருவரில் யாருக்கும் பொருந்தும். எட்டாம் ஆட்சியாண்டு என்றால் பராந்தகனுக்கு ஏறக்குறைய 915, உத்தமனுக்கு 979. இடைவெளி 64 ஆண்டு, அந்த இடைவெளிக்குள்தான் 949இன் தக்கோலப் போரும் மூன்றாம் கிருஷ்ணனின் ஆட்சியும் வருகின்றன. நெல் தண்டல் முன்னதாகவே வந்திருந்தால், 919, 921இல் உத்திரமேரூர்ச் சபை வாரியங்களுக்கு விதி வகுத்த அதே போக்கின் தொடர்ச்சி என்று சொல்லலாம். பின்னால் வந்திருந்தால், போருக்குப் பிறகு பொன் வைப்பவர்கள் குறைந்து சபை தானே கையை ஊன்ற வேண்டிவந்தது என்று சொல்ல வேண்டும். இரண்டும் வேறு வேறு இயல்கள்.

‘மதிரை கொண்ட’ இல்லையென்றால் உத்தமன் என்று தள்ளிவிடலாமே என்று முனைவர் குழுவில் யாராவது கேட்கக்கூடும். அந்த அடைமொழி பராந்தகனின் மூன்றாம் ஆண்டிலிருந்தே வருகிறது என்றாலும், கல்லில் அதைச் சுருக்கி விட்டுவிடுவதும் உண்டு. ஆகவே அது சாய்வைக் காட்டும், தீர்ப்பு ஆகாது. எழுத்தமைதியும் அறுபது ஆண்டு வித்தியாசத்தைத் தனியாகத் தீர்க்கும் அளவுக்குக் கூர்மையானதல்ல. எனவே ஆவணத்தை எழுதிய மத்யஸ்தன், கொடையாளி, கையெழுத்திட்ட சபையோர் ஆகியோரின் பெயர்களைக் காலம் உறுதியான கல்வெட்டுகளோடு ஒப்பிடுகிறேன். இதிலும் ஒரு பொறி இருக்கிறது: பேரனுக்குப் பாட்டன் பெயரை வைப்பது வழக்கம், 64 ஆண்டு என்பது சரியாக இரண்டு தலைமுறை. பெயர் மட்டும் பொருந்தினால் அது பாட்டனா பேரனா என்று தெரியாது. அதனால் பெயரோடு ஊர், குடும்பு, பட்டம் ஆகியவற்றில் இரண்டாவது பொருந்தினால்தான் ஏற்கிறேன். இந்த முறையில் நான்கு கல்வெட்டுகள் தீர்ந்தன: மூன்று உத்தமன், ஒன்று பராந்தகன். எட்டு மீதி.

பார்த்திவேந்திராதிவர்மன் பெயரிலுள்ளவற்றைத் தனிக் குழுவாகவே வைத்திருக்கிறேன். அவன் இரண்டாம் ஆதித்தன்தானா என்ற விவாதத்திற்குள் இந்த இயலில் போக வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். யாராக இருந்தாலும் ‘வீரபாண்டியன் தலை கொண்ட’ என்பதால் தக்கோலத்திற்குப் பிந்தியவன். தங்கள் கருத்து வேறாக இருந்தால் சொல்லுங்கள், மாற்றிவிடுகிறேன்.

இரண்டாவது காரணம் நில அளவு, 4.5 முழுவதும் இதை நம்பித்தான் நிற்கிறது. அந்தப் பகுதியின் அட்டவணை, ஒவ்வோர் ஊரிலும் ஒரே பரப்புக்கு எத்தனை நாழி நெல் ஏரிக்குப் போனது என்பதை ஒப்பிடுகிறது. நெல்லை மாற்றுவது எளிது: 8 நாழி ஒரு குறுணி, 12 குறுணி ஒரு கலம் என்று கொண்டு எல்லாவற்றையும் நாழிக்குக் கொண்டுவந்துவிட்டேன். (மரக்காலின் பெயர் ஊருக்கு ஊர் மாறுவதை அடிக்குறிப்பில் தருகிறேன்.) நிலத்தில்தான் மாட்டிக்கொள்கிறது. குழி என்பது கோலின் சதுரம். பன்னிரு சாண் கோலுக்கும் பதினாறு சாண் கோலுக்கும் நீளத்தில் மூன்றில் ஒரு பங்குதான் வித்தியாசம். பரப்பில் அது 144க்கு 256, அதாவது 1.78 மடங்கு. கோல் தெரியாமல் ‘ஆயிரம் குழி’ என்று எடுத்துக்கொண்டால், கணக்கில் வரும் தண்டல் ஏறக்குறைய இருமடங்காகிவிடும் அல்லது பாதிக்குக் கிட்டே இறங்கிவிடும்.

உதாரணத்திற்கு அட்டவணையின் 23ஆம் வரிசை. அச்சிட்ட பாடத்தில் ‘ப’ என்ற எழுத்துக்குப் பிறகு புள்ளிகள், அதன் பின் ‘சாண் கோலால்’ என்று இருக்கிறது. பன்னிருவும் பதினாறும் ‘ப’வில்தான் தொடங்குகின்றன! அச்சில் உள்ள புள்ளிகள் எத்தனை எழுத்து சிதைந்திருக்கிறது என்பதை அளந்து காட்டுபவை அல்ல, எனவே இடைவெளியை வைத்தும் ஊகிக்க முடியாது. மைப்படியைப் பார்த்தால் இரண்டாம் எழுத்தின் ஒரு வளைவு தெரிந்தாலே போதும், ‘ன’வா ‘தி’யா என்று சொல்லிவிடலாம். இதுபோல் கோல் அளவோ நெல்லின் எண்ணோ சிதைந்த இடங்கள் மொத்தம் ஏழு. தென்னிந்தியக் கல்வெட்டுகள் வரிசையில் 6ஆம் தொகுதி (1928) பாடத்தை மட்டும் தருகிறது. ஒளிப்படமோ மொழிபெயர்ப்போ இல்லை. நூலகத்தில் உட்கார்ந்து இதைத் தீர்க்க வழியில்லை.

ஆக, காலம் தீராத 8, அளவு சிதைந்த 7. இரண்டிலும் வருபவை 2. பார்க்க வேண்டிய மைப்படிகள் 13. பட்டியலை ஆண்டறிக்கை எண்ணோடு இணைத்திருக்கிறேன். மைப்படிகளைப் பாதுகாக்கும் அலுவலகத்திற்கு விண்ணப்பிக்க நெறியாளரின் பரிந்துரைக் கடிதம் தேவை. வரைவை இத்துடன் வைத்திருக்கிறேன், தாங்கள் திருத்திக் கையொப்பமிட்டுத் தந்தால் பொங்கல் விடுமுறை முடிந்ததும் நேரில் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவேன். மைப்படி பழைய தாள், மடிப்பில் கிழியும் என்பதால் ஒரே நாளில் எல்லாவற்றையும் எடுத்துத் தர மாட்டார்கள் என்பதையும் கணக்கில் வைத்தே ஆறு வாரம் கேட்கிறேன்.

ஏரிக்குள் நிற்கும் தூம்புக் கல்லின் வாசகத்தை இதற்குக் காரணமாகக் காட்டவில்லை. வடகிழக்குப் பருவமழைத் தண்ணீர் வடிந்து, சம்பா அறுப்பும் முடிந்த பிறகுதான் அதன் அடிப்பகுதி வெளியே வரும். அது ஐந்தாம் இயலுக்குப் போதும்.

தேதிகளை இப்படி வைத்துக்கொள்ளலாமா என்று பாருங்கள். ஜனவரி 31இல் 4.1 முதல் 4.3 வரை, அடிக்குறிப்புகளோடு. பிப்ரவரி 14இல் பரகேசரிக் கல்வெட்டுகளின் காலப் பட்டியல். ஒவ்வொன்றுக்கும் எந்தச் சான்றால் முடிவு செய்தேன் என்ற குறிப்போடு, எழுத்துநடை இல்லாமல் வெறும் அட்டவணையாக. தாங்கள் அதில் தவறு கண்டால் 4.4ஐ எழுதுவதற்கு முன்பே திருத்திக்கொள்ளலாம். பிப்ரவரி 28இல் 4.4. மார்ச் 14இல் 4.5உடன் முழு இயல். முனைவர் குழுக் கூட்டம் ஏப்ரல் மூன்றாம் வாரம் என்பதால் தங்கள் திருத்தங்களுக்கு ஒரு மாதம் கிடைக்கும். ஐந்தாம் இயலின் வரைவை இதனால் தள்ளிப்போடவில்லை. அதன் முதல் பாதி நில அமைப்பும் மதகுகளும் பற்றியது, இந்த அட்டவணை அதற்கு வேண்டாம்.

மைப்படி பார்க்கும் அனுமதி பிப்ரவரி நடுவரை வரவில்லை என்றால் மறுபடி அவகாசம் கேட்க மாட்டேன். அப்போது 4.4இல் அந்த எட்டையும் ஒருமுறை பராந்தகனுக்கும் ஒருமுறை உத்தமனுக்கும் வைத்து இரண்டு வரைபடம் தருகிறேன். இரண்டிலும் நிற்கும் முடிவை மட்டும் வாதமாக வைக்கிறேன். 4.5இல் கோல் தெரியாத வரிசைகளை ஒப்பீட்டிலிருந்து நீக்கி, இரண்டு மதிப்பையும் பின்னிணைப்பில் காட்டுகிறேன். வாதம் மெலியும், ஆனால் தவறாகாது. இப்போதே அப்படிச் செய்துவிடலாமே என்றால், அந்த அட்டவணையை ஆறாம் இயலின் முடிவுரையும் எடுத்தாளுகிறது. பார்க்கக் கிடைக்கும் சான்றைப் பார்க்காமல் விட்டதாக வாய்மொழித் தேர்வில் கேட்டால் பதில் சொல்வது கடினம்.

ஆறு வாரம் அதிகம் என்று தாங்கள் கருதினால் பிப்ரவரி 28க்குள் 4.4ஐ மட்டும் முடித்து, 4.5ஐ ஐந்தாம் இயலோடு சேர்த்துத் தரவும் ஆயத்தம். எது வசதி என்று தெரிவித்தால் துறை அலுவலகத்திற்கு அதற்கேற்ற விண்ணப்பத்தை எழுதிக் கொண்டுவருகிறேன். அடுத்த வாரம் விடுமுறை என்பதால், இந்த வெள்ளிக்கிழமை வகுப்பு முடிந்தபின் பத்து நிமிடம் கிடைத்தால் நேரில் வந்து பட்டியலைக் காட்டுகிறேன்.

இணைப்புகள்: 13 மைப்படிகளின் பட்டியல், பரிந்துரைக் கடித வரைவு, தீர்ந்த நான்கு கல்வெட்டுகளின் சான்று அட்டவணை.

பணிவன்புடன்,
இரா. மலர்விழி
முழுநேர முனைவர் பட்ட ஆய்வாளர்
வரலாற்றுத் துறை