ஓண ஆர்டர் 1,000 சட்டை: வேலைவாரி அடக்க விலைக் கணக்கு

கொழிஞ்சாம்பாறை யூனிட்

அண்ணா,

பாலக்காட்டுக் கடையின் ஓண ஆர்டருக்கு விலை சொல்வதற்கு முன் இதைப் பார்த்துவிடுங்கள். பாலி காட்டன் 600, காட்டன் 300, லினன் 100. மூன்றும் ஒரே பேட்டர்ன், முழுக்கை, ஒரே காலர், ஒரு பாக்கெட். துணிதான் வேறு.

இதுவரை துணி விலையில் இத்தனை சதவீதம் என்று தையல் செலவை ஏற்றி வந்தோம். இந்த ஆர்டரில் அது சரிவராது. லினன் மீட்டர் 420 ரூபாய் என்பதற்காக டைலர் அதற்கு இரண்டு காலர் வைப்பதில்லை. அதனால் துணியையும் சாமானையும் அந்தந்த லாட்டின் மேலேயே எழுதியிருக்கிறேன். கட்டிங் முதல் பேக்கிங் வரை உள்ள செலவை ஆயிரம் சட்டைக்கும் சமமாகப் பிரித்திருக்கிறேன்.

முதலில் துணி. மூன்றும் 58 இஞ்ச் அகலம். கட்டிங் மாஸ்டர் லே போட்டுச் சொன்ன அளவுப்படி பாலி காட்டனுக்கும் காட்டனுக்கும் சட்டைக்கு 1.60 மீட்டர். லினன் சுருங்கும் என்பதால் 1.70. வேலந்தாவளம் வழியாக வரும் லாரி வாடகை மீட்டர் விலையிலேயே அடக்கம், ஜிஎஸ்டி சேர்க்கவில்லை. பட்டன், கேன்வாஸ், நூல், லேபிள், பாக்ஸ் எல்லாம் சாமான் வரியில் உள்ளன. லினனுக்குச் சிப்பி பட்டனும் கெட்டிப் பெட்டியும் கடைக்காரர் கேட்டதால் அங்கே 56 ரூபாய் ஆகிறது.

அடுத்தது வேலை. இந்த ஆர்டருக்கு ஒவ்வொரு பகுதியிலும் ஆகும் மொத்தம்: கட்டிங் 12,000, தையல் 62,000, காஜா பட்டன் 9,000, செக்கிங், அயர்ன், பேக்கிங் 15,000. கூட்டினால் 98,000, சட்டைக்கு 98 ரூபாய். தையலின் 62 ரூபாயில் பீஸ் ரேட் 46. மீதி 16 சூப்பர்வைசர் சம்பளத்தில் இந்த ஆர்டரின் பங்கு, கரண்ட், ஊசி, மெக்கானிக். வாஷிங் லினனுக்கு மட்டும்தான், 100 சட்டைக்கு 1,800. அதை மற்ற இரண்டின் தலையில் கட்டவில்லை.

| ஒரு சட்டைக்கு (ரூ.) | பாலி காட்டன் | காட்டன் | லினன் |
|---|---|---|---|
| துணி | 176 | 288 | 714 |
| சாமான் | 24 | 30 | 56 |
| கட்டிங் | 12 | 12 | 12 |
| தையல் | 62 | 62 | 62 |
| காஜா பட்டன் | 9 | 9 | 9 |
| செக்கிங், அயர்ன், பேக்கிங் | 15 | 15 | 15 |
| வாஷிங் | – | – | 18 |
| அடக்கம் | 298 | 416 | 886 |
| லாட் மொத்தம் | 1,78,800 | 1,24,800 | 88,600 |

மூன்று லாட்டும் சேர்ந்து 3,92,200. துணியும் சாமானும் 2,92,400, பொது வேலை 98,000, வாஷிங் 1,800 என்று கூட்டினாலும் அதே தொகை வருகிறது.

பழைய முறையில் இதே 98,000 ரூபாயைத் துணி, சாமான் விலை மேல் ஏற்றினால் சுமார் 33.5 சதவீதம். அப்போது பாலி காட்டனுக்கு வேலைச் செலவு 67 ரூபாய்தான் விழும், லினனுக்கு 258. பாலி காட்டன் அடக்கம் 267 என்று தெரியும், லினன் 1,046 என்று தெரியும். கடைக்காரர் பாலி காட்டனுக்கு 290 தருவதாகச் சொல்லியிருக்கிறார். பழைய கணக்கில் அது சட்டைக்கு 23 ரூபாய் லாபம். உண்மையில் 8 ரூபாய் நஷ்டம், 600 சட்டைக்கு 4,800. லினனிலோ, 10 சதவீதம் லாபம் வைத்து 1,150 என்று நாம் சொல்ல, அவர் திருப்பூருக்குப் போய்விடுவார். 975 சொன்னாலே நமக்கு 89 ரூபாய் நிற்கும்.

ஒரு விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும். லினன் வழுக்கும், ஓரம் பிரியும், நேரம் கூடும் என்று டைலர்கள் சொல்கிறார்கள். பீஸ் ரேட் மூன்றுக்கும் ஒன்று என்று பேசியிருப்பதால் 62 என்றே வைத்தேன். மொத்தத் தையல் செலவு மாறாமல், நேரத்துக்கு ஏற்ப ஒரு லினனை ஒன்றேகால் சட்டையாக எடுத்தால், 62,000 ரூபாயை 1,025 ஆல் வகுக்க வேண்டும். லினன் தையல் சுமார் 75.60 ஆகும், மற்றவை 60.50 ஆகக் குறையும். அப்போதும் லினன் அடக்கம் 900 ரூபாயைத் தொடுவதால் 975 தாங்கும்.

என் யோசனை: பாலி காட்டன் 328, காட்டன் 458, லினன் 975. பேரம் பேசினால் லினனில் விடலாம், பாலி காட்டனில் 310க்குக் கீழே இறங்க வேண்டாம். மிஷின் சும்மா கிடக்கும் மாதமென்றால் 290க்கும் யோசிக்கலாம். ஓணத்துக்கு முந்தைய மாதத்தில் அந்த நிலை நமக்கு இல்லை.

நீங்கள் சரி என்றால் இன்று மாலையே கொட்டேஷன் அடித்து அனுப்பிவிடுகிறேன்.